போனா, மெசேஜா, சாடையா? பழைய சக ஊழியரிடம் ரெஃபரல் கேட்கும் வழிகள்

மூன்று வருடம் முன்பு ஒரு மதியம், இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே கிடைத்த பத்து நிமிடத்தில் ஒரு போன் வந்தது. பழைய கம்பெனியில் பக்கத்து டீமில் இருந்தவர். நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நலம் விசாரித்தார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், பழைய மேனேஜரை வைத்து ஒரு ஜோக் அடித்தார். ஏழாவது நிமிடத்தில் விஷயத்துக்கு வந்தார்: "உங்க கம்பெனில ஒரு ஓபனிங் பார்த்தேன். ஒரு ரெஃபரல் மட்டும் போட்டு விட்டுடுங்களேன்." "அதுக்கென்ன, அனுப்புங்க" என்றேன். ஏழு நிமிடம் சிரித்துப் பேசிய பிறகு வேறு என்ன சொல்ல முடியும்?

சாயங்காலமே ரெஸ்யூமே வந்துவிட்டது. கம்பெனியின் ரெஃபரல் ஃபாரத்தைத் திறந்தேன். பெயர், மெயில், ஜாப் ஐடி வரை கை ஓடியது. அடுத்து, இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி. அதன் கீழே, நேரடியாகச் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறீர்களா என்று இன்னொன்று. கடைசியில், இந்த வேலைக்கு இவர் ஏன் பொருத்தமானவர் என்று ஒரு காலிப் பெட்டி. அந்தப் பெட்டியில் எழுத என்னிடம் ஒரு வரி இல்லை. நல்ல மனிதர், கேன்டீனில் கலகலப்பாகப் பேசுவார். அதை எழுதவா முடியும்? ஃபாரத்தை மூடினேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, பதினொரு நாள் கழித்துத் திறந்தபோது அந்த வேலையே பட்டியலில் இல்லை. அதை அவரிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கேட்ட விதத்தில்தான், "சரி" என்பதைத் தவிர வேறு பதிலுக்கு இடமில்லாமல் போனது. முகத்துக்கு நேராக மறுக்க முடியாத இந்தத் தயக்கத்தை முகதாட்சண்யம் என்கிறோம். முகதாட்சண்யத்தில் பிறந்த "சரி"யை நம்பி அவர் இரண்டு வாரம் காத்திருந்தார். நேரடியாக அப்ளை செய்திருந்தால்கூட அவருக்கு அதைவிட நல்லதாக இருந்திருக்கும்.

இந்த வருடம் நான் அவருடைய இடத்துக்கு வந்தேன். வேலை தேடுகிறேன், பழைய சக ஊழியர் ஒருவர் இருக்கும் கம்பெனியில் சரியான வேலை ஒன்று இருக்கிறது. எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். போனில் கேட்கலாம், நேரடியாக மெசேஜ் போடலாம், சாடையாகப் பேசி அவர் வாயிலிருந்தே வரவழைக்கலாம், அளவு பிரித்து மெசேஜில் கேட்கலாம், கேட்காமலேயே அப்ளை செய்துவிடலாம். இவற்றை எடை போட்டுப் பார்த்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில், எதைக் கேட்கிறோம்?

ரெஃபரல் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் மூன்று வெவ்வேறு உதவிகள் இருக்கின்றன. கேட்பவர் மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கேட்டுவிடுகிறார். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது, விவரம் சொல்வது. அந்த வேலை இன்னும் நிஜமாகவே திறந்திருக்கிறதா, அந்த டீம் எப்படி, உள்ளேயே யாரையாவது மனதில் வைத்துவிட்டுப் பேருக்குப் போட்ட விளம்பரமா. இதைச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் போதும், அவர் பெயர் எங்கேயும் பதிவாகாது.

இரண்டாவது, வழியைத் திறந்துவிடுவது. பல கம்பெனிகளில் ஊழியருக்கென்று ஒரு ரெஃபரல் லிங்க் உண்டு. அதை வாங்கி அதன் வழியாக நாம் அப்ளை செய்தால் நம் விண்ணப்பத்தோடு அவர் பெயர் ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் ரெக்ரூட்டருக்கு "தெரிந்தவர் ஒருவரின் ரெஸ்யூமே" என்று மெயிலில் தள்ளிவிடுவார்கள். இதில் அவர் பெயர் இருக்கும், ஆனால் நம் வேலைக்கு அவர் சாட்சி சொல்வதாக ஆகாது.

மூன்றாவது, வாக்குக் கொடுப்பது. அந்தக் காலிப் பெட்டியை நிரப்புவது, ஹையரிங் மேனேஜரிடம் போய் "இவரோட வேலை பார்த்திருக்கேன், நம்பி எடுக்கலாம்" என்று சொல்வது. நமக்கு அதிகப் பலன் தருவது இதுதான். அவருக்கு அதிகச் செலவும் இதில்தான். நாம் இன்டர்வியூவில் சொதப்பினால் அடுத்த முறை அவர் கொண்டுவரும் ஆளை மேனேஜர் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பார். வேலையில் சேர்ந்து சொதப்பினால் சொல்லவே வேண்டாம்.

"ஒரு ரெஃபரல் மட்டும்" என்று கேட்பவர் பெரும்பாலும் இரண்டாவதை நினைத்துக் கேட்கிறார். கேட்பவருக்கு அது ஒரு க்ளிக். ஆனால் பல கம்பெனிகளின் ஃபாரம் எதிரில் இருப்பவரை மூன்றாவதற்கு இழுத்துக்கொண்டு போகிறது. இந்த இடைவெளி தெரியாமல் எந்த வழியில் கேட்டாலும் அது நெருக்கடியாகத்தான் முடியும்.

கூடவே ஒரு நடைமுறை விஷயம். பல இடங்களில் நாம் ஏற்கெனவே நேரடியாக அப்ளை செய்துவிட்டால், பிறகு அந்த விண்ணப்பத்தோடு ரெஃபரலைச் சேர்க்க சிஸ்டம் விடாது. அதே மெயில் ஐடி இருக்கிறது என்று ஃபாரம் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கேட்பதாக இருந்தால் அப்ளை செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும். அப்ளை செய்துவிட்டு, "சும்மா ஒரு ரெஃபரலும் போட்டுடுங்க" என்று கேட்டால் அவர் எச்.ஆரிடம் போய்த் தனியாகக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

போன்

மெயிலைவிட நேரில் கேட்பதற்கு ஆதரவாக ஒரு வலுவான ஆய்வே இருக்கிறது. மஹதி ரோகனிசாத், வனெசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டது. முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சிறு உதவியை மெயிலில் கேட்பதைவிட நேரில் கேட்டால் 34 மடங்கு பலன் தந்தது. கேட்டவர்களோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைத்திருந்தார்கள். இதைப் படித்துவிட்டுத்தான் "மெசேஜ் போடாதே, போனை எடு" என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள்.

ஆனால் அங்கே கேட்ட உதவி அந்த இடத்திலேயே முடிந்துவிடக்கூடிய ஒரு சிறு கேள்வித்தாள். "சரி" என்ற கையோடு வேலையும் முடிந்தது. ரெஃபரல் அப்படி இல்லை. "சரி" இன்றைக்கு வரும், ஃபாரம் அவர் தனியாக இருக்கும்போது நாளைக்குத் திறக்கும். நடுவில் முகதாட்சண்யம் ஆவியாகிவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு ஆய்வு எனக்கு அதிகம் உதவியது. ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, ஜான் லிஸ்ட், உல்ரிகே மால்மெண்டியர் என்ற மூன்று பொருளாதார வல்லுநர்கள் வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டுவதை வைத்துச் செய்த சோதனை, 2012-ல் வெளியானது. சில வீடுகளில் முன்னறிவிப்பே இல்லாமல் கதவைத் தட்டினார்கள். சில வீடுகளின் கதவில், இத்தனை மணிக்கு வருவோம் என்று முதல்நாளே சீட்டு மாட்டினார்கள். இன்னும் சில வீடுகளின் சீட்டில் "எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று டிக் அடிக்க ஒரு கட்டமும் இருந்தது. அந்தக் கட்டம் இருந்த வீடுகளில் நன்கொடை 28 முதல் 42 சதவீதம் வரை குறைந்தது. ஆனால் குறைந்தது பெரும்பாலும் 10 டாலருக்குக் கீழே இருந்த சின்னத் தொகைகள்தான்.

எனக்கு இது கண்ணாடி போலத் தெரிந்தது. மறுக்க வழி விட்டதும் காணாமல் போனவை, கதவில் ஆள் நிற்கிறாரே என்பதற்காகக் கையில் திணித்த சில்லறைகள். ரெஃபரலில் அந்தச் சில்லறைக்குச் சமம், மனமில்லாமல் பெட்டியில் "நல்ல கேண்டிடேட்" என்று எழுதி அனுப்பும் இரண்டு சொல். ரெக்ரூட்டர் அதைத் தினமும் பார்க்கிறார். அதன் எடை அவருக்குத் தெரியும். நாம் போனில் கூடுதலாகச் சம்பாதிக்கும் "சரி"களில் பெரும்பகுதி இந்த ரகமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

போன் எங்கே சரி? வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசிக்கொள்ளும் நெருக்கம் இருந்தால் சரி. அவர் "போடா, இப்ப முடியாது" என்று நம்மிடம் சொல்லக்கூடியவரா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லக்கூடியவர் என்றால் தயங்காமல் போனை எடுக்கலாம்.

சாடை

நம்மில் பலருக்கு இதுதான் நாகரிகமாகத் தோன்றும். நேராகக் கேட்கக் கூச்சம். அதனால், "எப்படி இருக்கீங்க? அந்தக் கம்பெனில வேலை எப்படிப் போகுது? ஆள் எடுக்குறாங்களா?" என்று தூண்டிலைப் போட்டுவிட்டு, அவராக "உன் ரெஸ்யூமே அனுப்பேன்" என்று சொல்லும்வரை காத்திருப்பது.

இது மென்மையாகத் தெரியும், ஆனால் எதிரில் இருப்பவருக்கு இதுதான் அதிக அவஸ்தை. நேரடியாகக் கேட்டால் நேரடியாக மறுக்கலாம். கேட்காத கேள்விக்கு எப்படி "முடியாது" என்று பதில் சொல்வது? மூன்றாவது மெசேஜிலேயே விஷயம் எங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்துவிடும். புரிந்த பிறகு அவருக்கு இருப்பது இரண்டே வழி. தானே முன்வந்து உதவ வேண்டும், இல்லையென்றால் புரியாதது போல நடிக்க வேண்டும். நடித்துவிட்டு, அதற்காக ஒரு நாள் முழுக்கக் குற்ற உணர்ச்சி வேறு.

நலம் விசாரிப்பை முன்னால் வைத்து நீட்டுவதும் இதே குடும்பம்தான். நாலு வருடம் கழித்து வரும் "ஹாய், எப்படி இருக்கீங்க?" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் ஏதோ வேலை இருக்கிறது என்று யாருக்கும் தெரியும். பதில் போட்டால் மாட்டிக்கொள்வோமோ என்று அந்த மெசேஜைத் திறக்காமலேயே வைத்திருக்கும் ஆட்களில் நானும் ஒருவன்.

சாடையில் ஒரே ஒரு நல்ல ரகம் உண்டு. நிஜமாகவே விவரம் மட்டும்தான் வேண்டும் என்றால், அதை அப்படியே சொல்லிக் கேட்பது: "ரெஃபரல் கேட்கல, அந்த டீம் பத்தி மட்டும் தெரிஞ்சுக்கணும்." சொன்னால் சொன்னபடி நிற்க வேண்டும். இப்படிச் சொல்லிவிட்டு மறுநாளே ரெஃபரல் கேட்டால், அடுத்த முறை நம் எந்தச் சொல்லுக்கும் மதிப்பிருக்காது.

நேரடி மெசேஜ்

ரெஸ்யூமேயை இணைத்து, ஜாப் ஐடியைப் போட்டு, "ப்ளீஸ் ரெஃபர்" என்று அனுப்புவது. சாடையைவிட இது எவ்வளவோ மேல். விஷயம் தெளிவாக இருக்கிறது, அவர் தன் நேரத்தில் படிக்கலாம். குறை என்னவென்றால், இதற்கு "போட்டுவிட்டேன்" அல்லது "முடியாது" என்ற இரண்டு பதில்தான் இருக்கின்றன. இரண்டாவதைத் தட்டச்சு செய்ய யாருக்கும் விரல் வராது. அதனால் மூன்றாவது பதிலான மௌனம் வரும். இங்கே மௌனத்துக்கு என்ன பொருள் என்று யாரும் பேசி வைக்கவில்லை. அவர் பிஸியாக இருக்கிறாரா, போட்டுவிட்டாரா, விருப்பமில்லையா? தெரியாமல் நாம் மறுபடி கேட்போம், அவர் இன்னும் சுருங்குவார்.

சிலர் கடைசியில் "முடியலைன்னா பரவாயில்ல, உங்க இஷ்டம்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த ஒரு வரியை நம்பிவிட வேண்டாம். பிரான்சில் நிக்கோலா கெகன், அலெக்ஸாண்டர் பாஸ்குவல் இருவரும் 2000-ல் வெளியிட்ட சோதனையில், பஸ்ஸுக்குச் சில்லறை கேட்கும்போது "ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்" என்று சேர்த்துச் சொன்னதும், கொடுத்தவர்கள் 10 சதவீதத்திலிருந்து 47.5 சதவீதமாக உயர்ந்தார்கள். விற்பனைக்காரர்கள் இதை ஒரு உத்தியாகவே பயன்படுத்துகிறார்கள். அந்த வரி மரியாதையாக ஒலிக்கும், ஆனால் வெளியே போகும் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டாது. மறுப்பவர் என்ன சொல்லி மறுப்பார், மறுத்த பிறகு என்ன நடக்கும் என்பதை நாமே எழுதிக் கொடுத்தால்தான் கதவு திறக்கும்.

அளவு பிரித்துக் கேட்பது

நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். மேலே சொன்ன மூன்று உதவிகளையும் பிரித்து வைத்து, எது முடியுமோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்வது. நான் கேட்க வேண்டியிருந்தவர் பழைய கம்பெனியில் எங்கள் டீமின் டெஸ்டிங் லீடாக இருந்தவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினான்கு மாதம் ஒரே புராடக்டில் வேலை பார்த்தோம். பிரிந்து நான்கு வருடம். இடையில் இரண்டு பிறந்தநாள் வாழ்த்து, அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை காலையில் அவருக்கு அனுப்பிய மெசேஜ் இது:

"அக்கா, வணக்கம். ஒரு உதவி கேட்கத்தான் எழுதுறேன், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். உங்க கம்பெனில பேமென்ட்ஸ் டீம்ல ஒரு பேக்எண்ட் வேலை போட்டிருக்காங்க, லிங்க் கீழ இருக்கு. இன்னும் அப்ளை பண்ணல. வர்ற வெள்ளிக்கிழமை எப்படியும் பண்ணிடுவேன்.

உங்களுக்கு எது தோதுப்படுதோ அது போதும். ஒண்ணு, அந்த வேலை இன்னும் ஓபனா இருக்கா, டீம் எப்படின்னு மட்டும் சொல்லலாம். ரெண்டு, ரெஃபரல் லிங்க் இருந்தா அனுப்பலாம், என் வேலையைப் பத்தி நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்ல. மூணு, நாம ஒண்ணா வேலை பார்த்ததை வச்சு ரெண்டு வரி எழுதலாம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, விவரம் அனுப்புறேன்.

இப்ப உங்க கம்பெனில இதுக்கெல்லாம் நேரம் சரியில்லாம இருக்கலாம், நாம சேர்ந்து வேலை பார்த்தும் நாலு வருஷம் ஆச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க பதில் இல்லன்னா, தோதுப்படலன்னு எடுத்துக்கிட்டு நானே அப்ளை பண்ணிடுறேன். இதைப் பத்தித் திரும்பக் கேட்க மாட்டேன்."

இதில் நான் அதிக நேரம் யோசித்தது கடைசிப் பத்திக்குத்தான். பதில் வராததுக்கு என்ன அர்த்தம் என்று நானே முன்கூட்டி முடிவு செய்துவிட்டேன். அவர் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் அது கண்ணியமான மறுப்பாகிவிடும். எழுத வேண்டாம், காரணம் தேட வேண்டாம். மறுப்புக்கான இரண்டு காரணங்களையும் நானே கொடுத்துவிட்டேன், இரண்டும் என் திறமையைத் தொடாதவை, அவர் மனதைப் புண்படுத்தாதவை. வெள்ளிக்கிழமை என்ற கெடு என் வேலைக்கான கெடு. "வெள்ளிக்குள்ள போட்டுடுங்க" என்று எழுதியிருந்தால் அதே நாள் அவர் தலையில் உட்கார்ந்திருக்கும்.

வரிசையும் வேண்டுமென்றே வைத்தது. சின்ன உதவியிலிருந்து பெரிய உதவிக்குப் போகிறது. பெரியதை முதலில் கேட்டுவிட்டு, "சரி, லிங்க்காவது அனுப்புங்க" என்று இறங்கினால் அது பேரம். நாம் இறங்கி வந்ததற்காகவே அவரும் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும்.

ரெஸ்யூமேயை நான் இணைக்கவில்லை. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு, இணைத்தால் அவருக்கு ஒரு வேலை மிச்சம் என்பார்கள். எனக்கு அது, அவர் "வா" என்று சொல்லும் முன்பே செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைப்பது போலத் தோன்றுகிறது. அவர் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பத் தயாராக வைத்திருந்தேன்.

ரெஃபரல் போனஸைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. "உங்களுக்கும் போனஸ் வருமே" என்று சிலர் உற்சாகமாகச் சேர்ப்பார்கள். பல கம்பெனிகளில் நாம் சேர்ந்து, சில மாதம் தாக்குப்பிடித்த பிறகுதான் அந்தப் பணம் வரும். வராமலும் போகலாம். அதை முன்னால் காட்டினால் ஒரு நட்பான உதவி கமிஷன் வியாபாரமாகிவிடும்.

மூன்றாவது படியை அவர் எடுத்திருந்தால் அனுப்புவதற்கென்று மூன்று வரி எழுதி வைத்திருந்தேன். அதில் அவர் கண்ணால் பார்த்தது மட்டும்தான் இருந்தது. ஒரு ரிலீஸ் முடிந்த ராத்திரி பில்லிங் ஜாப் இரண்டு முறை ஓடி, சில வாடிக்கையாளர்களுக்கு இரட்டை ரசீது போய்விட்டது. அவர் டெஸ்ட் டேட்டாவைப் பிரித்துக் கொடுக்க, நான் லாகைத் தேடி, ஒரு ரீட்ரையில் தனி அடையாள எண் இல்லாததுதான் காரணம் என்று இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தோம். இதை எழுதினால் அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஹையரிங் மேனேஜர் குறுக்குக் கேள்வி கேட்டாலும் தடுமாற வேண்டியதில்லை. அவர் பார்க்காத கடைசி நான்கு வருடத்துச் சாதனைகளை ரெஸ்யூமே சொல்லிக்கொள்ளும். அவற்றை அவர் பேனாவால் எழுதச் சொல்வதுதான் மூலையில் தள்ளுவது.

இந்த வழிக்கும் குறை உண்டு. மெசேஜ் நீளம். நெருங்கிய நண்பருக்கு அனுப்பினால் "என்னடா, வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்பார். மனமிருந்தும் மறதிக்காரராக இருப்பவர்களை வெள்ளிக்கிழமையோடு இழந்துவிடுவோம். போனில் கிடைக்கக்கூடிய சில "சரி"கள் இதில் கிடைக்காது. அந்த இழப்பை நான் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டேன்.

"பார்க்கிறேன்" என்று பதில் வந்தால்

மௌனத்தைவிடச் சிக்கலான பதில் இதுதான். நம் ஆபீஸ் பேச்சில் "முடியாது" என்ற சொல்லே அபூர்வம். "பார்க்கிறேன்", "சொல்றேன்", "விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றுதான் வரும். என் அனுபவத்தில், கூடவே ஒரு கேள்வி வந்தால் அது ஆமாம். "பார்க்கிறேன், ஜாப் ஐடி எது?", "சொல்றேன், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?" இவை வேலையைத் தொடங்கிவிட்டவரின் கேள்விகள். வெறும் "பார்க்கிறேன்"னும் ஒரு கட்டைவிரலும் வந்தால் அது பெரும்பாலும் இல்லை. அப்போது செய்ய வேண்டியது, அவரை அந்தச் சொல்லிலிருந்து விடுவிப்பது: "சரி அக்கா, நான் வெள்ளிக்கிழமை நேரா அப்ளை பண்ணிடுறேன், நீங்க இதை மனசுல வச்சுக்க வேண்டாம்." நிஜமாகவே செய்ய நினைத்தவர் இதைப் பார்த்ததும் "இரு, இன்னைக்கே அனுப்புறேன்" என்பார். மற்றவர் மூச்சு விடுவார்.

கேட்காமலே அப்ளை செய்வது

இதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம், சில நேரம் இதுதான் சரி. அவர் அங்கே சேர்ந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகிறது என்றால் அவரே இன்னும் தன்னை நிரூபித்துக்கொண்டிருப்பார். அவர் கம்பெனியில் ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்தால் அவர் வாயிலிருந்து எந்தப் பெயரும் வராது. ஹையரிங் மேனேஜரே அவருடைய நேரடி மேலதிகாரி என்றால், மூன்றாவது படி அவருக்கு மிகப் பெரிய சுமை. நம்மோடு வேலை பார்த்த காலத்தில் நாம் சுமாராகத்தான் வேலை பார்த்தோம் என்று உள்ளுக்குள் தெரிந்தால், அது அவருக்கும் தெரியும். இந்த நான்கு நிலையிலும், விவரம் மட்டும் கேட்டுவிட்டு நேராக அப்ளை செய்வதே நல்லது.

அப்படி அப்ளை செய்யும்போது, அங்கே யாரையாவது தெரியுமா என்று ஃபாரம் கேட்கும். அவரிடம் சொல்லாமல் அவர் பெயரை அந்தக் கட்டத்தில் போடக் கூடாது. ரெக்ரூட்டர் நடைபாதையில் அவரை நிறுத்தி, "இவர் எப்படி?" என்று கேட்டுவிட்டால், போனில் கேட்டதைவிட மோசமான மூலையில் அவரைத் தள்ளிவிட்டோம் என்று அர்த்தம்.

அக்காவின் பதில்

புதன்கிழமை ராத்திரி வந்தது. "டீம் நல்ல டீம், ஆனா ஆன்-கால் அதிகம், வாரக்கடைசி போயிடும், யோசிச்சுக்கோ. லிங்க் அனுப்புறேன். மூணாவது வேண்டாம்ப்பா, நீ இப்ப எப்படி வேலை பார்க்குறேன்னு எனக்குத் தெரியாது, அந்த மேனேஜர் நோண்டி நோண்டிக் கேட்பார்." போனில் கேட்டிருந்தால் அந்தக் கடைசி வரியை அவர் சொல்லியிருக்கவே மாட்டார். மூன்றாவதுக்கும் தலையாட்டிவிட்டு, பதினொரு நாள் ஃபாரத்தை மூடி வைத்திருப்பார்.

வியாழக்கிழமை அந்த லிங்க் வழியாக அப்ளை செய்தேன். அப்ளை செய்ததை அவருக்கு ஒரு வரியில் சொன்னேன், பதிலை எதிர்பார்க்காத மாதிரி. சில சிஸ்டங்களில் ரெஃபர் செய்தவருக்கே விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். அதனால் "என்ன ஆச்சு, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்கக் கை அரிக்கும். கேட்கவில்லை.

இரண்டாவது ரவுண்டோடு என்னைக் கழித்துவிட்டார்கள். மெயில் வந்த அன்றே அவருக்கு எழுதினேன்: "அக்கா, ரெண்டாவது ரவுண்டுல போயிடுச்சு. டிசைன் கேள்வில மாட்டிக்கிட்டேன், தப்பு என் பக்கம்தான். லிங்க்குக்கு நன்றி." ரெக்ரூட்டர் வழியாக அவருக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காக. "என்ன கேள்வி?" என்று கேட்டார். சொன்னேன். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.